சென்னைக் கோடையில் ஓய்வு நாடி ஏறுவது: பகல் வெயிலாலா, படுக்கையறைச் சூட்டாலா?

சுதா, வேளச்சேரி

வணக்கம். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டே தூங்குகிறவள் நான். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரு முழு வருடத்தின் ஓய்வு நாடியை எடுத்து மாதவாரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று துடிப்பு மேலும் கீழும் ஆடுவதால் சராசரி போடாமல் மீடியன் எடுத்தேன். காய்ச்சல் வந்த ஓரிரு நாள் சராசரியை இழுத்துவிடும், மீடியனை அவ்வளவாக அசைக்காது.

ஜனவரியில் நிமிடத்துக்கு 57. ஏப்ரலில் 61. மே மாதம் 63. ஜூனில் 62. ஆகஸ்டில் 60. டிசம்பரில் மறுபடி 57. ஒரே கடிகாரம், கட்டுவது ஒரே கையில். எடையும் பெரிதாக மாறவில்லை. மார்ச் நடுவிலிருந்து ஏறி, கத்திரி சமயத்தில் உச்சம் தொட்டு, மழை தொடங்கும்போது இறங்குகிறது.

இந்த ஆறு துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. பகலில் வெயிலில் அலைவதாலா, இரவில் படுக்கையறை சூடாக இருப்பதாலா? அல்லது மே மாதத்தில் காலை நடை குறைந்துபோவதாலா? மூன்றும் ஒரே சமயத்தில் நடப்பதால் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஓட்டக்காரன், பெசன்ட் நகர்

உங்கள் எண்கள் தலைகீழாக இருக்கின்றனவே. குளிர்காலத்தில்தான் நாடி ஏறும். அமெரிக்காவில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கைக்கடிகாரத் தரவை வைத்துச் செய்த ஆய்வு 2020ல் வந்தது. அதில் ஜனவரி முதல் வாரம் உச்சம், ஜூலைக் கடைசியில் குறைவு என்று இருக்கிறது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், இதயம் கூடுதலாக உழைக்கும், அதனால் துடிப்பு ஏறும். எனக்கென்னவோ கோடை வியர்வையில் உங்கள் சென்சார் தப்பாகப் படிக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

உடலியல் வாத்தியார், கீழ்ப்பாக்கம்

ஓட்டக்காரன் தம்பி, அந்த ஆய்வு சொன்னது சரி. அதை அப்படியே சென்னைக்குத் தூக்கிவந்ததில்தான் சிக்கல். அங்கே வருட ஏற்ற இறக்கமே மொத்தம் இரண்டு துடிப்பு அளவுதான். ஜனவரியில் அந்த ஊரில் ஆட்கள் வீட்டுக்குள் முடங்குகிறார்கள், நடை குறைகிறது, பண்டிகைச் சாப்பாடும் குடியும் கூடுகின்றன, சளிக்காய்ச்சலும் அப்போதுதான். இவற்றில் எது எவ்வளவு பங்கு என்று அந்தத் தரவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குளிரில் குழாய் சுருங்கும் என்பது உண்மை, ஆனால் அதனால் நேராக ஏறுவது ரத்த அழுத்தம். அழுத்தம் ஏறும்போது உடல் துடிப்பைக் கொஞ்சம் அடக்கத்தான் பார்க்கும். அதனால் குளிர் என்றாலே துடிப்பு ஏறும் என்று சொல்லிவிட முடியாது.

அதோடு, நம் ஊரில் குளிர் எங்கே இருக்கிறது? ஜனவரி இரவில் 21 டிகிரி சுமாருக்கு இறங்கும், அவ்வளவுதான். மே மாத இரவில் 28க்குக் கீழே இறங்கவே தயங்கும், கடற்காற்றின் ஈரம் வேறு. இந்த ஊர்க்காரர்களின் உடலுக்கு வருடத்தில் ஒரே பக்கம்தான் சோதனை, வெப்பத்தின் பக்கம்.

வெப்பத்தில் நடப்பது இது. உள்சூட்டை வெளியே தள்ள, உடல் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. தோலடிக் குழாய்கள் விரிந்து அங்கே ரத்தம் தேங்குவதால் இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. வியர்த்து நீர் குறைந்திருந்தால் இன்னும் குறையும். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைந்தால், அதை ஈடுகட்டத் துடிப்புகளின் எண்ணிக்கை கூட வேண்டும். உங்கள் ஆறு துடிப்பு இந்தக் கணக்குக்குள் அடங்குவதுதான்.

சென்சார் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பச்சை விளக்கு சென்சார் திணறுவது கை சில்லிட்டு தோலுக்கு ரத்தம் குறையும்போது. கோடையில் தோலில் ரத்தம் நிறைந்திருப்பதால் சிக்னல் நன்றாகவே கிடைக்கும். தூங்கும்போது கை அசையாமல் இருப்பதால் பிழையும் குறைவு. சந்தேகம் இருந்தால் விழித்ததும் எழாமல் படுத்தபடியே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணி, கடிகாரம் அந்த நொடியில் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

சுதா அம்மா, எனக்கு இரண்டு விவரம் வேண்டும். உங்கள் கடிகாரம் ஓய்வு நாடி என்று சொல்வது எந்த நேரத்து எண்? அப்புறம், ஏசி போட்ட இரவு எது, போடாத இரவு எது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

ராமநாதன், மயிலாப்பூர்

எனக்கு வயது எழுபத்தொன்று. கடிகாரம் எல்லாம் கிடையாது. பல வருடங்களாகக் காலையில் எழுந்திருக்கும் முன் நாடி பிடித்து டைரியில் எழுதி வருகிறேன். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவேன். கோடை, மழை, மார்கழி எதற்கும் எனக்கு வித்தியாசம் இல்லை. 64, 68, 64, 64, 60 என்றுதான் போகிறது. பழகிய உடம்புக்குப் பருவம் ஒன்றும் செய்யாது என்பது என் அனுபவம்.

சுதா, வேளச்சேரி

வாத்தியார் சார், என் கடிகாரம் ஒரு நாளில் மிகக் குறைவாக இருந்த அரை மணி நேரத்தின் சராசரியை எடுக்கிறது. எனக்கு அது எப்போதும் தூக்கத்தில்தான் வருகிறது. ஏசி இரவுகளை மின்கட்டணத்துக்காகத் தனியே குறித்து வந்தேன், அதைப் பக்கத்துப் பத்தியில் சேர்த்துவிட்டேன். தேதி A, நாடி B, அறையின் இரவு வெப்பம் C, ஏசி போட்டால் D பத்தியில் 1, இல்லையென்றால் 0. மே மாத ஏசி இரவுகளுக்கு இப்படிப் போட்டேன்:

```
=MEDIAN(FILTER(B2:B400, (MONTH(A2:A400)=5)*(D2:D400=1)))
```

ஏசி இரவுகளில் 60, ஏசி இல்லாத இரவுகளில் 64. நான்கு துடிப்பு வித்தியாசம். இரண்டு இரவு வரைபடங்களின் வடிவமும் வேறாக இருக்கிறது. ஏசி இல்லாத இரவில் பதினொரு மணிக்கு 72ல் தொடங்கி மெதுவாக இறங்கி, விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் 64ஐத் தொடுகிறது. ஏசி இரவில் இரண்டு மணிக்கே 60க்கு வந்து அங்கேயே நிற்கிறது.

உடலியல் வாத்தியார், கீழ்ப்பாக்கம்

அந்த வடிவம்தான் எனக்கு வேண்டியது, மீடியனைவிட அது அதிகம் சொல்கிறது. தூக்கத்தில் உடலின் உள்சூடு இறங்க வேண்டும், அந்தச் சூடு தோல் வழியாகத்தான் வெளியேறும். அறை 30 டிகிரியில் ஈரமாக இருந்தால் வெளியேற வழி குறுகலாகிறது, இதயம் இரவெல்லாம் தோலுக்கு ரத்தம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் மிகக் குறைந்த எண் விடியலுக்குத் தள்ளிப்போகிறது. இரவு ஒன்பதரைக்குப் பிரியாணி சாப்பிட்டாலும் இதே போலத் தள்ளிப்போகும் என்பதை மறக்கக் கூடாது. வித்தியாசம் என்னவென்றால், தாமதச் சாப்பாட்டின் பாதிப்பு பெரும்பாலும் இரவின் முதல் பாதியோடு முடியும். உங்கள் வரைபடம் விடியும்வரை இழுக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். மே மாத ஏசி இரவில் 60, ஜனவரியில் 57. அறையைக் குளிர வைத்த பிறகும் மூன்று துடிப்பு மிச்சம் இருக்கிறது. அது பகலில் இழந்த நீரா, குறைந்த நடையா, இரண்டுமா என்று இந்த எண்களால் சொல்ல முடியாது. ஆனால் பெரிய பங்கு படுக்கையறையுடையது என்று நினைக்க ஆதாரம் இருக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. எந்த நாளில் ஏசி போடுவீர்கள்? மிகவும் புழுங்கும் நாளில் மட்டும் என்றால், வேதனையான பகலைக் கடந்த இரவுகளாகப் பார்த்து ஏசிப் பக்கம் சேர்க்கிறீர்கள். அப்போது உண்மையான வித்தியாசம் நான்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். சனி ஞாயிறு மட்டும் போடுகிறீர்கள் என்றால், வார இறுதியின் நல்ல தூக்கமும் ஏசியின் கணக்கில் போய்ச் சேரும்.

ராமநாதன் ஐயா, உங்கள் டைரியின் எண்களை ஒருமுறை பாருங்கள். எல்லாமே நான்கால் வகுபடும். பதினைந்து வினாடியில் ஒரு துடிப்பு கூடவோ குறையவோ எண்ணினால், நிமிடக் கணக்கில் நான்கு மாறிவிடுகிறது. நாம் தேடும் பருவ மாற்றமே நான்கு ஐந்து துடிப்புதான். இவ்வளவு அகலமான சல்லடையில் அது தங்காது. பருவம் உங்கள் உடம்பில் இருக்கிறதா இல்லையா என்று டைரி இரண்டு பக்கமும் சாட்சி சொல்லவில்லை. அறுபது வினாடி முழுக்க எண்ணுங்கள், கட்டை விரலை வைக்காமல் நடு மூன்று விரலால். காபிக்கு முன், எழுந்து உட்காரும் முன்.

ராமநாதன், மயிலாப்பூர்

நீங்கள் சொன்ன பிறகு பழைய டைரிகளைப் புரட்டினேன். ஒரு 62 கூட இல்லை, ஒரு 66 கூட இல்லை. நாளையிலிருந்து முழு நிமிடம் எண்ணுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பழைய எண்கள் எல்லாம் வீணா?

உடலியல் வாத்தியார், கீழ்ப்பாக்கம்

வீணில்லை ஐயா. மாதத்துக்கு முப்பது எண் இருந்தால், ஒவ்வொன்றும் முரடாக இருந்தாலும் அவற்றின் சராசரி அவ்வளவு முரடாக இருக்காது. உங்கள் எண்களுக்கு மீடியன் உதவாது, அது 64லேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மே மாதம் முழுவதையும் கூட்டி நாளால் வகுங்கள், ஜனவரியையும் அப்படியே. பல வருட மே, பல வருட ஜனவரி கையில் இருப்பது உங்களிடம்தான், சுதாவிடம் ஒரு வருடம்தான் இருக்கிறது. நீங்கள் இதயத்துக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கிறவராக இருந்தால், அது தொடங்கிய தேதியில் ஒரு கோடு போட்டு முன், பின் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நந்தினி, அம்பத்தூர்

சுதா, இதை யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். மாதவிலக்கு வரும் வயதில் இருப்பவர்களுக்குச் சுழற்சியின் பின்பாதியில் ஓய்வு நாடி இரண்டு மூன்று துடிப்பு ஏறி இருக்கும், விலக்கு தொடங்கும் சமயத்தில் இறங்கும். என் வரைபடத்தில் வருடம் முழுக்க அலை அலையாக இது தெரிகிறது. முழு மாத மீடியனில் அது கரைந்துவிடும், சரி. ஆனால் ஏசி போட்ட சில இரவுகளை மட்டும் எடுத்து ஒப்பிடும்போது அவை எல்லாம் முன்பாதியில் விழுந்திருந்தால், நீங்கள் ஏசி என்று நினைப்பதில் பாதி உங்கள் சுழற்சியாக இருக்கலாம். தேதிகளைச் சரிபாருங்கள்.

பாத்திமா, பல்லாவரம்

எல்லோரும் கோடையில் நாடி ஏறுவது இயல்பு என்கிறீர்கள், மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது. என் அம்மாவுக்கு 68 வயது, பிரஷருக்கு மாத்திரை போடுகிறார், அதில் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை ஒன்றும் உண்டு. இந்தச் சித்திரையிலிருந்து உட்கார்ந்திருக்கும்போதே நாடி 95க்கு மேல். கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். அப்படியானால் இதுவும் வெயில்தானே, மழை வந்தால் சரியாகிவிடுமா?

உடலியல் வாத்தியார், கீழ்ப்பாக்கம்

அம்மா, இதை எங்கள் கணக்கோடு சேர்க்காதீர்கள். நாங்கள் பேசுவது மாதக்கணக்கில் மெல்ல நகரும் நான்கைந்து துடிப்பு, எந்தத் தொந்தரவும் இல்லாமல். உங்கள் அம்மாவுக்கு எழுந்தால் கண் இருட்டுகிறது. கோடையில் ரத்த அழுத்தம் தானாகவே கொஞ்சம் இறங்கும், வியர்வையில் நீரும் உப்பும் போகும், அதன் மேல் அந்த மாத்திரையும் நீரை இழுக்கிறது. மழைவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் அவர் தள்ளாடினாலோ மயங்கினாலோ நாள் பார்க்காமல் அழைத்துப் போங்கள்.

வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை அளந்து, நாடியோடு சேர்த்து எழுதிக் கொண்டுபோங்கள். நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை.

பாத்திமா, பல்லாவரம்

நாளைக்கே அழைத்துப் போகிறேன் சார். நன்றி.

இரவு ஷிஃப்ட், துரைப்பாக்கம்

எனக்கு சுதா அக்காவுக்கு நேர் எதிராக இருக்கிறது. மே மாதம் 59, டிசம்பரில் 63. வீட்டிலும் ஆபீசிலும் ஏசி, வருடம் முழுக்க. ஓட்டக்காரன் சொன்ன மாதிரி எனக்கு குளிர்கால உச்சமா? இத்தனைக்கும் நான் குளிரையே பார்ப்பதில்லை.

ஓட்டக்காரன், பெசன்ட் நகர்

பாருங்கள், நான் சொன்னேனே. வெப்பத்தை ஏசி எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் குளிர்கால ஏற்றம் வெளியே தெரிகிறது.

நந்தினி, அம்பத்தூர்

அவர் அமெரிக்கக் கிளையண்டுக்கு வேலை செய்கிறவராக இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நம் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மார்ச் இரண்டாவது ஞாயிறுதான் பழையபடி வரும். என் கணவருக்கு நவம்பர் தொடங்கியதும் தூக்கம் கெடும்.

இரவு ஷிஃப்ட், துரைப்பாக்கம்

ஆமாம், நியூஜெர்சி கிளையண்ட். கோடையில் இரண்டரைக்கு முடியும், நவம்பருக்குப் பிறகு மூன்றரைக்கு. படுக்க நாலரை ஆகிவிடும். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்துவிடும், வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் சத்தம். இப்போது வரைபடத்தைப் பார்த்தால் ஏற்றம் நவம்பர் முதல் பாதியிலேயே சட்டென்று வருகிறது, சுதா அக்காவுடையது போல மெல்ல இல்லை.

உடலியல் வாத்தியார், கீழ்ப்பாக்கம்

நந்தினி அம்மா பிடித்தது நல்ல பிடி. பருவம் படிக்கட்டு போல ஏறாது. ஒரே வாரத்தில் எண் குதித்து அங்கேயே நின்றால், ஷிஃப்ட், வீடு மாறியது, புது மாத்திரை, புதுக் கடிகாரம், கடிகாரத்தின் மென்பொருள் புதுப்பிப்பு என்று தேதி உள்ள ஒன்றைத் தேட வேண்டும். தம்பி, உங்களுக்கு மார்ச்சில் ஒரு சோதனை தானாகவே வருகிறது. ஷிஃப்ட் பழைய நேரத்துக்கு வந்ததும் ஒன்றிரண்டு வாரத்தில் எண் இறங்கினால் ஷிஃப்ட் மேல் சந்தேகம் வலுக்கும். இறங்காவிட்டால் ஓட்டக்காரன் சொல்வதையும் நான் ஒதுக்க மாட்டேன். அதுவரை இது திறந்த கேள்விதான்.

சுதா, வேளச்சேரி

நந்தினி சொன்னபடி தேதிகளைப் பார்த்தேன். ஏசி இரவுகள் இரண்டு பாதியிலும் கலந்தே இருக்கின்றன, முன்பாதியில் கொஞ்சம் அதிகம். பின்பாதி இரவுகளை மட்டும் தனியே எடுத்தால் வித்தியாசம் நான்கிலிருந்து மூன்றாகக் குறைகிறது. மறையவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அறை 30 டிகிரி இருந்த, ஏசி இல்லாத இரவுகளை மட்டும் எடுத்தேன். ஏப்ரலில் முதன்முதலில் அப்படிப் புழுங்கிய இரவுகளில் நாடி 65. ஜூன் நடுவில் அதே 30 டிகிரியில் 63. உடல் வெப்பத்துக்குப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

உடலியல் வாத்தியார், கீழ்ப்பாக்கம்

எடுத்துக்கொள்ளத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. தொடர்ந்து வெப்பத்தில் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதே வெப்பத்தில் துடிப்பு குறைகிறது. வெயிலில் வேலை செய்கிறவர்களிடமும் விளையாட்டு வீரர்களிடமும் இது நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் கோடையின் முதல் புழுக்க வாரம் உடம்பைப் போட்டு வாட்டுகிறது, ஜூனில் அதே வெப்பம் அவ்வளவு படுத்துவதில்லை.

ஆனால் அந்தப் பழக்கம் வருவது உடல் உண்மையில் சூடாகி வியர்க்கும்போது. பகல் முழுக்க ஏசி அறையில் இருந்து இரவு மட்டும் புழுங்குகிறவருக்கு அது எவ்வளவு வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டா? ஜூனில் பள்ளி திறந்தால் வீடே சீக்கிரம் தூங்கும். அந்த இரண்டு துடிப்பு படுக்கும் நேரத்தால் வந்ததாகவும் இருக்கலாம்.

சுதா, வேளச்சேரி

உண்டு சார், இரண்டு பேர். மே மாதம் பன்னிரண்டு மணிக்குக் குறைந்து யாரும் படுப்பதில்லை. அப்படியானால் படுக்கும் நேரத்துக்கும் ஒரு பத்தி சேர்க்கிறேன்.

வரும் கோடைக்கு இப்படி நினைத்திருக்கிறேன். ஏப்ரல், மே முழுக்க இரவு பத்து மணிக்குக் காசு சுண்டுவது. தலை விழுந்தால் ஏசி 26ல், பூ விழுந்தால் மின்விசிறி மட்டும். அன்று எவ்வளவு புழுங்கியது, எந்தக் கிழமை என்பதெல்லாம் முடிவில் தலையிடாது. சாப்பாடு எட்டரைக்குள். சரியா?

உடலியல் வாத்தியார், கீழ்ப்பாக்கம்

சரிதான். மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போன இரவுகளைத் தூக்கி எறியாமல், காசு என்ன சொன்னதோ அந்தப் பக்கமே வைத்து, தனியாக ஒரு குறி போடுங்கள். காய்ச்சல் வந்தால் அது தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளையும் சேர்த்து விலக்குங்கள், பல சமயம் நாடி அப்போதே ஏறத் தொடங்கியிருக்கும். அந்த நாட்களை எப்படி விலக்குவது என்பதை இப்போதே எழுதி வையுங்கள், எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யாதீர்கள். அப்புறம், யாருக்காவது தாங்க முடியாத புழுக்கமாக இருந்தால் காசு என்ன சொன்னாலும் ஏசியைப் போடுங்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ராமநாதன், மயிலாப்பூர்

கூட்டி வகுத்துப் பார்த்தேன். நான் அழுத்த மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய வருடங்களில் ஜனவரி சராசரி 63, மே சராசரி 66. மாத்திரை தொடங்கிய பிறகு ஜனவரி 60, மே 61. அது துடிப்பையும் குறைக்கிற மாத்திரை என்று மருத்துவர் அன்றே சொன்னார். ஒரு வருடம் மட்டும் பொருந்தவில்லை. அந்த மே மாதத்தில் 62தான், மாத்திரைக்கு முந்தைய வருடம் அது. அந்தக் கோடையில் நான் பெங்களூரில் மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன் என்று டைரியில் இருக்கிறது, ஆனால் எந்த மூன்று வாரம் என்று எழுதவில்லை.